மே மாதத்திலும் ஸ்வெட்டரோடு படுத்தவன் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாண குரூப் போட்டோவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அதில் நின்ற ஒரு பையனின் தொப்பையைப் பார்த்து "மாப்ளைக்கு இது எத்தனாவது மாசம்?" என்று ஒருவர் எழுத, ஆளாளுக்குச் சிரித்தீர்கள். அவன் பதில் எழுதவில்லை, டேக்கை மட்டும் எடுத்துவிட்டான். அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. அந்தச் சிரிப்பு அவன் படுக்கையறை வரைக்கும் கூடவே போகும். எனக்குப் போனது.

கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டரோடு படுத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முழங்காலில் அடிபட்ட பிறகு தேயிலை ஃபேக்டரியில் உட்கார்ந்த வேலைக்கு மாறினேன். நைட் ஷிப்ட், ஒவ்வொரு டீயோடும் வர்க்கி. மூன்று வருடத்தில் 71 கிலோ 93 ஆனது. மே மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் மனைவி பக்கம் திரும்புவேன். அவள் கை வயிற்றுப் பக்கம் வந்தால் பிடித்துத் தோளில் வைத்துவிடுவேன். அந்த நொடியே விறைப்பு போய்விடும்.

ஒரு நாள் இருட்டில் கேட்டாள், "என்னங்க, என்னைப் பிடிக்கலையா?" நான் என் வயிற்றை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் முதலில் எடையைக் கேட்கவில்லை. "காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கா?" என்றார். இருந்தது. அப்படியென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன, தடை மனதில் என்றார். காலையிலும் இல்லையென்றால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் உடனே பார்க்க வேண்டும். இதய நோய்க்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். எனக்கும் அந்த டெஸ்டுகளை எடுக்கச் சொன்னார்.

விறைப்புக்கு உடம்பு தளர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் குழாய்கள் விரிந்து ரத்தம் நிரம்பும். "தொப்பை தெரியுதா, அவ பார்க்கிறாளா" என்று நம்மை நாமே வேவு பார்த்தால் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து குழாய்களைச் சுருக்கிவிடும். ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

"எடையைக் குறைச்சா எல்லாம் சரியாகும், இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்பீர்கள். குறைக்க வேண்டும்தான், நானே 9 கிலோ குறைத்திருக்கிறேன். இத்தாலியில் இந்தக் குறை இருந்த பருமனான ஆண்களை உணவு, உடற்பயிற்சி என்று மாற்றிப் பார்த்தார்கள், 2004-இல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் மூன்றில் ஒருவருக்குச் சரியானது. நல்ல செய்திதான். ஆனால் மீதி இரண்டு பேர்? அந்த இரண்டு வருடமும் பக்கத்தில் படுத்திருப்பவள் என்ன செய்வாள்? எடை மெதுவாகத்தான் இறங்கும். வெட்கத்தை அதற்கு முன்பே இறக்கிவைக்கலாம்.

டாக்டர் சொன்ன பயிற்சியை 1970-இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்தார்கள். முதல் சில வாரம் உடலுறவு கூடாது, இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். வாரம் இரண்டு மூன்று தடவை, அரை மணி நேரம். ஒருவர் தொடுவார், மற்றவர் சும்மா படுத்திருப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. தோலின் சூடு, சொரசொரப்பு, அழுத்தம், இவற்றில் மட்டும் கவனம். மனசு வயிற்றுக்கு ஓடினால் திரும்ப விரலுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த கட்டத்தில் எல்லா இடமும் தொடலாம், அப்போதும் உடலுறவு இல்லை. அது கடைசியில்தான்.

நாங்கள் இரண்டாவது வாரமே தப்பு செய்தோம். விறைப்பு வந்துவிட்டதே என்று தடையை மீறினோம். உடனே "நிற்குமா?" என்ற பரீட்சை திரும்ப வந்தது, நின்றுபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். நடுவில் ஒரு ராத்திரி சின்ன விளக்கை எரியவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவள் உள்ளங்கையை என் வயிற்றின்மேல் வைத்தாள். குளிர்ந்த கை. நகர்த்தவில்லை. "இங்கதான் சூடா இருக்கு" என்றாள்.

"பொம்பளைங்களைத் தினமும் இப்படித்தானே பேசுறீங்க?" என்று கேட்டால், உண்மைதான், தலைகுனிகிறேன். "ஆம்பளை இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு வருடம் எழுதாமல், பேசாமல் இருந்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த போட்டோவை அவன் மனைவியும் பார்த்திருப்பாள். அண்ணே, உங்கள் கமெண்ட் இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.