திரு போடுவதற்கு முன்னால்

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் கடிதங்களும் மெயில்களும் எழுதுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கப் பெயர்களோடுதான் பிழைப்பு. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்து 'திரு' போடாதீர்கள். ஊகம் தப்பினால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்கள்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இது நடந்தது. பெயரை மாற்றிச் சொல்கிறேன். எழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா மதிவாணன். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் எம். எழில். ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாள். படிவத்தில் `First Name`, `Last Name` என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். இரண்டாவதில் வெறும் M என்று போட்டால் ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல் முதல் கட்டத்தில் எழில், அடுத்ததில் மதிவாணன் என்று போட்டாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. `Dear Mr. Mathivanan` என்று ஆரம்பித்தது கடிதம்.

அப்பாவுக்கு வந்த கடிதம் போல இருக்கிறதே என்று வீட்டில் முதலில் குழம்பினார்கள். அன்றைக்குக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கையில் இருந்த பட்டியலிலும் அதே மதிவாணன்தான். அடையாள அட்டையில் எம். எழில், பெண் என்று இருக்கிறது. அவர் உள்ளே போன் போட்டுக் கேட்டு, ஆள் வந்து பார்த்து, அப்புறம்தான் விட்டார்கள். நேர்காணல் அறைக்குள் போகும்போதே அவளுக்குப் பாதித் தெம்பு போய்விட்டது. இது அவளுடைய தப்பா? இல்லவே இல்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. இனிஷியல் அப்பாவின் பெயர், அதற்குப் பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். படிவத்துக்காக இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயர் கடைசிக்குப் போய்விடுகிறது. கடிதத்தை அனுப்புகிற மென்பொருளோ, கடைசிக் கட்டத்தில் இருப்பதை எடுத்து `Mr.` பக்கத்தில் ஒட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது போதாதென்று, கடிதத்தைச் சரிபார்க்கிறவர் 'ன்' என்று முடிகிற பெயரைப் பார்த்ததும் ஆண்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த 'ன்' அப்பாவுடையது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. இப்படி விரித்து எழுதுகிற பெண்கள் எல்லாருக்குமே இந்த ஆபத்து உண்டு. மலர்விழி முருகேசன் என்று இருந்தால்கூட கடைசிச் சொல்லை மட்டும் பார்க்கிறவருக்கு அது முருகேசன்தான்.

இனிஷியல் எப்போதும் அப்பா பெயர் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் திரு.வி.க. நகர் இருக்கிறது. பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவர் திரு.வி.க. அவர் பெயரில் இருக்கிற 'திரு' திருவாரூர், 'வி' அப்பா விருத்தாசலம். கலியாணசுந்தரம் என்கிற சொந்தப் பெயர் கடைசியில்தான் வருகிறது. முதல் சொல்தான் பெயர் என்று நினைக்கிற படிவம் அவரை அன்புள்ள திருவாரூர் என்று கூப்பிட்டிருக்கும்.

நான் செய்வது இதுதான். ஒற்றை எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். எஸ். மணி என்றாலும் மணி எஸ். என்றாலும் பெயர் மணிதான். ஒற்றை எழுத்தே இல்லாமல் இரண்டும் முழுச் சொல்லாக இருந்தால், அவர் அனுப்பிய மெயிலின் அடியில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தேடுவேன். எழில் மதிவாணன் என்று படிவத்தில் இருக்கிறவர் அடியில் எம். எழில் என்று போட்டிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு சொல்லையும் சேர்த்து, அவர் எழுதிய வரிசையிலேயே போட்டுவிடுவேன். எதையும் வெட்ட மாட்டேன்.

இது வடசென்னையில் ரொம்ப முக்கியம். சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கிற ஜெயினுக்கும் ஷாவுக்கும் கடைசிச் சொல் உண்மையிலேயே குடும்பப் பெயர், அதை வைத்து அழைத்தால் சரி. தெலுங்கு பேசுகிற வீடுகளில் முன்னால் இருக்கிற எழுத்து வீட்டுப் பெயராக இருக்கலாம். மண்ணடியில் முகமது என்று தொடங்குகிற பெயரைப் பாதியாக வெட்டி மிஸ்டர் முகமது என்று எழுதினால், அந்த ஆபீஸில் எந்த முகமது என்று கேட்பார்கள். ஒரே விதியை எல்லாருக்கும் போட முடியாது.

அடுத்தது ஆண், பெண் விஷயம். மணி, முத்து, தங்கம், பாக்கியம், எழில், தமிழ், அருள் எல்லாம் இரண்டு பேருக்கும் வைக்கிற பெயர்கள்தான். இதில் ஊகிக்க வேண்டிய அவசியமே தமிழில் கிடையாது. 'எஸ். மணி அவர்களுக்கு, வணக்கம்' என்று எழுதினால் மரியாதையும் இருக்கிறது, தப்பும் வராது. பெயரே தெரியாத இடத்தில் 'அன்புடையீர்' இருக்கிறது. பட்டம் ஒன்று வேண்டும்தான் என்றால் 'திருமிகு' போடலாம். ஆண், பெண், திருநங்கை, கல்யாணம் ஆனவர், ஆகாதவர் எல்லாருக்கும் அது பொருந்தும். எனக்குத் திருமதி, செல்வி இரண்டுமே பிடிக்காது. வேலைக் கடிதத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? முனைவர், மருத்துவர், வழக்கறிஞர் என்று தெரிந்தால் அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலக் கடிதம் என்றால் `Dear S. Mani` போதும், முன்னால் ஒன்றும் வேண்டாம்.

'ஐயா / அம்மா' என்று கோடு போட்டு எழுதுவது பொதுச் சுற்றறிக்கைக்குச் சரி. பெயர் தெரிந்த ஒருவருக்கு அப்படி எழுதினால், உங்களைப் பற்றி எதுவும் பார்க்கவில்லை என்று சொல்வது போல ஆகிவிடுகிறது.

போனில் கேட்டுவிடலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் "நீங்க சாரா, மேடமா?" என்று கேட்காதீர்கள். "லெட்டர்ல உங்க பேரை எப்படிப் போடணும்?" என்று கேளுங்கள். அவரே இனிஷியலோடு எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுவார். கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் இனிஷியலுக்கு மாறியவரும், அப்பா இனிஷியலையே வைத்திருப்பவரும், அம்மா பெயரை இனிஷியலாகப் போடுபவரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். தமிழில் மு. மணி என்று கையெழுத்துப் போடுகிறவரை எம். மணி என்று மாற்றவும் வேண்டாம்.

படிவம் தயாரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒரே கோரிக்கை. பெயருக்கு இரண்டு கட்டாயக் கட்டங்களை வைக்காதீர்கள். சான்றிதழில் உள்ள முழுப்பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். 'கடிதத்தில் உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று அதற்குக் கீழே இன்னொன்று இருக்கட்டும், விரும்பினால் நிரப்பிக்கொள்ளட்டும். கடிதத்தின் முதல் வரிக்கு இரண்டாவதை எடுங்கள், அது காலியாக இருந்தால் முழுப்பெயரையே போடுங்கள். வாசலில் கொடுக்கிற பட்டியலுக்கு எப்போதும் முதல் கட்டத்தையே எடுங்கள், அடையாள அட்டையில் இருப்பது அதுதான்.