பிஸி என்றால் எல்லோருக்கும் பிஸி

நேற்றைய கமெண்ட் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டாம், அம்மாவின் விஷயமாக நான் மெசேஜ் போட்டும் பதில் போடாத ஒரு கூட்டாளி, அவ்வளவுதான். "பாவம், அவர் பிஸியாக இருப்பார், இதுக்கெல்லாம் கோவிக்கலாமா" என்று எனக்குப் புத்தி சொன்ன பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிஸி என்றால் எல்லோருக்கும் பிஸி. எனக்கு மட்டும் பிஸி என்று ஒன்று கிடையாது.

மெசெஞ்சரின் பச்சைப் புள்ளியை வைத்து நான் சண்டைக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் பேஸ்புக்கைத் திறந்து விட்டுச் சாப்பிடப் போனாலும் அது கொஞ்ச நேரம் எரியும். வாட்ஸ்அப்பில் ஐயா நீல டிக்கை நிறுத்தி வைத்திருக்கிறார், என் மெசேஜ் இரண்டு சாம்பல் டிக்கோடு நிற்கிறது. சரி, வாசிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் குரூப்பில் அந்த மறைப்பு செல்லாது. பள்ளிக்கூட குரூப்பில் நான் போட்டதை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், வாசித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர், நேரத்தோடு. கொஞ்சத்தில் இன்னொருவரின் கிரிக்கெட் மீமுக்கு ஒரு சிரிப்பு. புள்ளி தானாக எரியலாம், சிரிப்பை ஒரு விரல்தான் போட வேண்டும்.

"நீ என்ன சிஐடியா?" ஓம், பார்த்தேன். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பி, கொழும்பில் யாரிடம் காட்டலாம் என்று கேட்டுவிட்டு இருக்கிறவன் வேறென்ன செய்வான்?

பிஸி எப்படியிருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அத்தான் திருகோணமலை கொட்பேயிலிருந்து பலநாள் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கரை மறைந்தால் போன் வெறும் டோர்ச். அக்கா அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கும். 30 நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் மெசேஜே அழிந்துவிடும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். கரைக்குக் கிட்ட சிக்னல் பிடித்ததும் எல்லாம் ஒரேயடியாக இரண்டு டிக்காகும். மீன் இறக்க முதலே "வந்திட்டன், பிள்ளையள் சுகமோ" என்று ஒரு வொய்ஸ் வரும், பாதி என்ஜின் சத்தம். அந்த மனுஷன் பிஸி.

"மனசு சரியில்லாமல் இருக்கலாம், யாரோடும் கதைக்கப் பிடிக்காமல் இருக்கலாம்." இருக்கலாம். ஆனால் யாரோடும் என்றால் யாரோடும். மீமுக்குச் சிரிக்க முடிந்த மனசுக்கு "தெரியாது மச்சான்" என்று எழுத முடியாதாம்.

இதே ஆள் குடும்பத்தோடு நிலாவெளிக்கு வந்தபோது, ரூம் பார், புறாத்தீவுக்கு போட் பேசு என்று நடுச்சாமத்தில் மெசேஜ் போட்டார். விடியக்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் போட்காரரோடு விலை பேசினேன். எனக்கும் அன்று வேலை இருந்தது. "கணக்குப் பார்க்கிறாய்" என்பீர்கள். பார்க்கிறேன். அம்மாவுக்காக என்றால் பார்ப்பேன்.

டொக்டருக்கு வேறொருவர் மூலம் நாள் எடுத்தாயிற்று. வியாழன் இரவு ரயிலில் போகிறோம். இனி "சொரி மச்சான், இப்பதான் கண்டேன்" வரும். நீல டிக்கை நிறுத்தியவருக்கு மற்றவர்களின் நீல டிக்கும் தெரியாது. நான் பார்த்தேனா இல்லையா என்று அவரே யோசித்துக்கொண்டிருக்கட்டும்.