சோபாவை விட்டுவிட்டீர்களே
அறையில் முதன்மை நிறம் 60 பங்கு, துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10 என்கிற கணக்கைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னார்: "60-30-10 என்றால் சுவரின் பரப்பைப் பிரிப்பதுதான். மூன்று சுவர் க்ரீம், ஒரு சுவர் நீலம், ஓரத்தில் மஞ்சள் பட்டை. வேலை முடிந்தது."

முடியாதுங்க. வாசலில் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற மொத்தமும் இந்தக் கணக்கில் வரும்: சுவர், தரை, சோபா, திரை, மெத்தை விரிப்பு எல்லாம். நான் சுவரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவன். ஒரு சுவர் நீலம் அடித்தேன், அப்புறம் நீல சோபா, நீலத் திரை வந்தது. நீலம் க்ரீமுக்குச் சமமாக நின்றது, எது முதன்மை என்றே தெரியவில்லை. அந்தச் சுவரைத் திரும்ப க்ரீம் ஆக்கியதும் சோபாவும் திரையுமே 30 பங்கைப் பார்த்துக்கொண்டன.

மஞ்சளைப் பட்டையாக ஒரே இடத்தில் அடிக்காதீர்கள். இரண்டு குஷன், ஒரு விளக்கின் மூடி, எதிர்ப்பக்கம் ஒரு படம் என்று சிதறினால்தான் கண் அறையைச் சுற்றி வரும். தவிர, அவற்றை மாற்றுவது சுலபம்.

தரையைச் சேர்க்கவே வேண்டாம் என்று சிலர் சொல்வது பாதி சரி. வெளிர் தரை சுவரோடு கலந்துவிடும். அடர் செம்பழுப்பு மரத்தரை என்றால் அதுவே ஒரு நிறம், ஒதுக்க முடியாது.

சந்தேகம் வந்தால் வாசலிலிருந்து ஒரு போட்டோ எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு நிறம் போட்டி போட்டால் ஒன்றைக் குறையுங்கள். டேப் வைத்து அளக்க வேண்டாம், 60 என்பது 55 ஆனாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளைக் கூரையைச் சேர்ப்பதா என்பதில் எனக்கும் என் தங்கைக்கும் இன்னும் சண்டைதான்.