இன்னொரு கடிதம் எழுதித் தர மாட்டேன்

வீட்டுக் கடன் தீர்ந்து இன்றோடு 41 நாள். அடமானம் வைத்த பத்திரங்களைக் கேட்டால், "அம்மா, உங்கள் பழைய கடிதம் கிடைக்கவில்லை, இன்றைய தேதி போட்டு இன்னொன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், உடனே அனுப்பிவிடுகிறோம்" என்கிறார் வங்கி அதிகாரி. காலையிலிருந்து அந்த ஒரு வரிதான் காதில் இரைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை.

கடன் வாங்கியது 2012இல். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூரை என்ன செய்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஓட்டுக்கூரை பறந்துவிட்டது. அந்த இரவில் அப்பா பத்திரங்களை இரண்டு பாலித்தீன் பைக்குள் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். 1984இல் அவர் மனை வாங்கிய மூலப்பத்திரம் ஒன்று, எனக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்று. மூலப்பத்திரத்தின் முதல் தாளில் ஓரம் கொஞ்சம் பழுத்திருக்கும், கடைசித் தாளில் அப்பாவின் கையெழுத்து சற்றே மேலே ஏறிப் போயிருக்கும். புயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்த அந்தத் தாள்களைத்தான் வீட்டைத் திரும்பக் கட்ட வங்கியில் கொண்டுபோய் வைத்தோம். 168 தவணை. ஒன்றுகூடத் தள்ளிப்போனதில்லை.

கடைசித் தவணை போன பிறகு மார்ச் 3ஆம் தேதி கிளைக்குப் போனேன். கணக்கில் 83 ரூபாய் நிற்கிறது என்றார்கள். நடுவில் ஓடிய நாட்களுக்கான வட்டியாம். அங்கேயே கட்டினேன். இந்தச் சில்லறை பலருக்கும் நிற்கும். தவணை முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டால், அது கிடந்து வளரும், கணக்கும் மூடாது. அதனால் மீதி பூஜ்யம் என்று அச்சான கணக்கு அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மார்ச் 6 அன்று கடிதம் கொடுத்தேன். இரண்டு பிரதி. கடன் கணக்கு எண், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, மீதி பூஜ்யம் என்ற விவரம். அதன் கீழே 2012இல் நாங்கள் ஒப்படைத்த ஒவ்வொரு ஆவணமும், பத்திர எண், பதிவான ஆண்டு, எத்தனை தாள் என்று வரிசையாக. பிறகு கேட்க வேண்டியவை: நிலுவையில்லாச் சான்று, அசல் பத்திரங்கள், செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் இருக்கும் பதிவை நீக்குவது, சார்பதிவாளர் அலுவலகத்தில், பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததைச் சொல்லும் எம்.ஓ.டி. ஆவணத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம். கடைசியில் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்திரம் கைக்கு வந்தாலும், வங்கி அந்த ரசீதைப் பதிவு செய்து கொடுக்காவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். நாளை வீட்டை விற்கவோ, மகள் பேருக்கு எழுதவோ போனால், தீர்ந்த கடனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

முதல் பிரதியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதில் முத்திரை போட்டுத் தரக் கேட்டால், "நாங்கள் வாங்கிக்கொண்டோமே, முத்திரை எதற்கு" என்றார்கள். நான் நகரவில்லை. அரை மணி நேரம் நின்று, தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கினேன். அன்று நின்ற கால் வலிக்குப் பலன் இன்று தெரிகிறது.

ஏனென்றால் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13ஆம் தேதி போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடனும் அதில் வரும். கடன் முழுவதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் இருக்கும் அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு இழப்பீடு. ஏன் தாமதம் என்பதையும் அவர்களே தெரிவிக்க வேண்டும். அந்த 30 நாள் பணம் கட்டி முடித்த நாளிலிருந்து ஓடுவது. கடிதம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. கடிதம் நம் கையில் இருக்கும் சாட்சி, அவ்வளவுதான்.

என் கணக்கில் அந்த 30 நாள் ஏப்ரல் 2ஆம் தேதியே முடிந்துவிட்டது. இன்று 13. பதினொரு நாள் தாமதம், 55,000 ரூபாய். இப்போது சொல்லுங்கள், இன்றைய தேதி போட்ட புதுக் கடிதம் எதற்கு? அதில் கையெழுத்துப் போட்டால், நானே இன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாக ஆகும். பதினொரு நாள் தாமதத்துக்கும் காரணம் நான்தான் என்று அவர்கள் சொல்ல என் கையாலேயே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

முத்திரை போட்ட பிரதியை எடுத்து நீட்டினேன். அவர் முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்திரம் சென்னையில் மத்தியக் காப்பகத்தில் இருக்கிறது அம்மா, அங்கிருந்து வர வேண்டும்" என்றார். "சார், நான் இந்த மேஜையில் வைத்துத்தான் கொடுத்தேன். நீங்கள் எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்பது உங்கள் பாடு" என்றேன். "தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறார்கள்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. பத்திரம் தொலைந்தால் சான்றிட்ட நகல் வாங்க வங்கி உதவ வேண்டும், செலவையும் ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம், 60 நாள் தாண்டினால்தான் இழப்பீட்டுக் கணக்கு தொடங்கும் என்று அதே உத்தரவு சொல்கிறது. ஆக, தொலைந்தது என்று சொல்பவர் அதை எழுத்தில் சொல்லட்டும். வாயால் "தேடுகிறார்கள்" என்றால் அது தாமதம், அந்த 5,000 ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகம் கொடுக்கும் நகலில் அப்பாவின் அந்த ஏறிப்போன கையெழுத்து இருக்காது. அதற்கு எந்த உத்தரவில் விலை போட்டிருக்கிறது?

புதுக் கடிதம் எழுதவில்லை. மார்ச் 6 கடிதத்தின் நகலை வைத்து, "30 நாள் ஏப்ரல் 2இல் முடிந்தது, ஆவணம் தராததற்கான காரணத்தை எழுத்தில் தரவும், இழப்பீட்டை என் கணக்கில் வரவு வைக்கவும்" என்று புகாராக நான்கு வரி மட்டும் எழுதி, கிளை மேலாளருக்கும் அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொல்லும் பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் போடுவேன். நாளை சித்திரை ஒன்று, விடுமுறை. நாளை மறுநாள் திறக்கும்போது அந்தப் படியில் நிற்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே நின்ற நேரத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நகைக்கடன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் கவுண்டராகப் பேனா கேட்டு நடந்தார். நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவில் மை இல்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து ரூபாய்ப் பேனா ஐயா! நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.