ஸ்லைடு ரூலுக்குள் வாய்ப்பாடு இல்லை

“காரைக்குடி பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் இந்த நகரும் ஸ்கேலில் பெருக்கல் வாய்ப்பாடு ஒளிந்திருக்கிறது. நகரத்தார் இதில்தான் பைசா சுத்தமாக வட்டிக்கணக்கு போட்டார்கள்.”

இல்லை. இது பொறியாளர்கள் வைத்திருந்த ஸ்லைடு ரூல். இதில் இருப்பது வாய்ப்பாடு அல்ல, நீளம். ஒவ்வொரு எண்ணும் அதன் மடக்கைக்கு, அதாவது லாக் மதிப்புக்கு, ஏற்ற தூரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு எண்களின் மடக்கைகளைக் கூட்டினால் பெருக்கற்பலனின் மடக்கை வரும், அவ்வளவுதான் சூட்சுமம்.

25 செ.மீ. அளவுகோலில் 1-லிருந்து 2 வரை 75.3 மி.மீ., 3 வரை 119.3 மி.மீ. நடுச்சட்டத்தை நகர்த்தி அதன் 1-ஐக் கீழ்ச்சட்டத்தின் 2-க்கு நேராக வையுங்கள். இப்போது நடுச்சட்டத்தின் 3-க்குக் கீழே 6 நிற்கும். 75.3-உம் 119.3-உம் சேர்ந்து 194.6, 6-இன் கோடு இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். சந்தேகமிருந்தால் சாதாரண ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

சரி, பைசா கணக்கு? 1,847-ஐ 36-ஆல் பெருக்கினால் 66,492. ஸ்லைடு ரூலில் கோடு 6.65-ஐ ஒட்டி நிற்கும். அது 66,492-ஆ, 66,500-ஆ என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. ஐந்து இலக்கம் என்பதையும் நாமேதான் மனக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 6,650-உம் 66,500-உம் அதற்கு ஒரே கோடு. அப்புறம், பேரேட்டுக்கு முக்கியமான கூட்டலும் கழித்தலும் இந்த மடக்கை அளவுகோல்களில் வரவே வராது.