ஓர் அவசரச் சட்டத்தின் ஆயுள்: 2022 ஆன்லைன் சூதாட்டத் தடையை முன்வைத்து

ஓர் அவசரச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார் என்ற செய்தி வந்தவுடன், அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டதாகவே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். 2022 அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோதும் பேச்சு அப்படித்தான் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, செப்டம்பர் இறுதியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்து, ஆளுநர் ஆர்.என். ரவியும் கையெழுத்திட்டிருந்தார். சூதாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, விளையாட்டை நடத்தும் நிறுவனத்தாருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றெல்லாம் தண்டனைகள் எழுதப்பட்டிருந்தன. ஆனால் நவம்பர் மாதம் முடிவதற்குள் அந்தச் சட்டம் இல்லாமற் போயிற்று. யாரும் அதை ரத்து செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்யவில்லை. அதன் காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

அவசரச் சட்டத்துக்கும் சட்டமன்றம் இயற்றும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

வலிமையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சட்டமன்றம் கூட்டத்தொடரில் இல்லாத நேரத்தில், உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய சூழல் இருப்பதாக ஆளுநர் கருதினால் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்று அரசியலமைப்பின் 213-ஆவது பிரிவு கூறுகிறது. ஒன்றிய அரசுக்கு இதே அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் வழியாக 123-ஆவது பிரிவு அளிக்கிறது. நடைமுறையில் ஆளுநர் இதைத் தன் விருப்பப்படி செய்வதில்லை. அமைச்சரவை தயாரித்து அனுப்புவதில்தான் கையெழுத்திடுகிறார். அப்படி வெளிவரும் அவசரச் சட்டம், நடப்பில் இருக்கும் வரை, சட்டமன்றத்தின் சட்டத்துக்கு உரிய அதே ஆற்றலைக் கொண்டது. அதை மீறினால் கைது செய்யலாம், வழக்குத் தொடரலாம், தண்டிக்கலாம். எல்லைகளும் அவையே: எந்தப் பொருளில் சட்டமியற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லையோ, அந்தப் பொருளில் அவசரச் சட்டமும் செல்லாது.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அந்தக் காலம் ஆளுநர் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மாதம் என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில், அவசரச் சட்டம் பிறந்தபின் சட்டமன்றம் மீண்டும் கூடுகிற நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஆறு வாரம் முடிந்தால் அவசரச் சட்டம் தானாகவே செயலிழக்கும். அதற்கு முன்பே சட்டமன்றம் அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றினாலும் முடிந்துவிடும்; ஆளுநரே திரும்பப் பெறுவதும் உண்டு. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் அவசரச் சட்டம் மிக அதிகமாக ஏறத்தாழ ஏழரை மாதம் வாழலாம். ஆறு மாதம் என்ற தவறான கணக்கு இந்த இடைவெளி விதியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஆன்லைன் சூதாட்டத் தடைக்குப் பொருத்திப் பாருங்கள். அக்டோபர் 1 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. அக்டோபர் 17 அன்று சட்டமன்றம் கூடியது. அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 42-ஆவது நாள் நவம்பர் 27. அரசு தாமதிக்கவில்லை; அக்டோபர் 19 அன்றே அவசரச் சட்டத்துக்குப் பதிலான சட்ட முன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை மூன்றே நாளில் முடிந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். சட்டமன்றம் நிறைவேற்றியது சட்டம் அல்ல, முன்வடிவு மட்டுமே. ஆளுநர் ஒப்புதல் தந்தால்தான் அது சட்டமாகும். முன்வடிவு ஆளுநர் மாளிகையில் காத்திருக்கிறது என்பதற்காக அவசரச் சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. நவம்பர் 24 அன்று ஆளுநர் விளக்கம் கேட்டார்; மறுநாளே அரசு பதில் அனுப்பியது; நவம்பர் 27 கடந்து சென்றது. பழையது காலாவதியானது, புதியது பிறக்கவில்லை. முன்வடிவு அதன்பின் 2023 மார்ச் மாதத்தில்தான், இந்தப் பொருளில் சட்டமியற்ற மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற காரணத்துடன், திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தக் காரணத்தை என்னால் இன்றுவரை ஏற்க இயலவில்லை. சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லாத பொருளில் ஆளுநரும் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது என்பது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அக்டோபரில் கையெழுத்திட்டபோது இருந்த அதிகாரம், ஏறக்குறைய அதே வாசகத்துடன் வந்த முன்வடிவுக்கு மார்ச்சில் எப்படி இல்லாமற் போகும்? ஆளுநருக்கு நியாயமான ஐயம் எழுந்திருக்கலாம். எழுந்திருந்தால் அதை எழுப்ப வேண்டிய முதல் இடம் அவசரச் சட்டத்தின் கோப்பு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அரசின் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அது நேர்மையாகாது. அந்த அவசரச் சட்டத்தின் முதற்பிரிவு, அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் அது நடைமுறைக்கு வரும் என்று கூறியது. இது வழக்கமான வாசகம்தான். அரசிதழில் வெளியாவது ஒன்று, அமலுக்கு வருவது வேறொன்று. ஆனால் அந்த நாளைக் குறிப்பிடும் அறிவிக்கை வெளிவரவே இல்லை. விளையாட்டு நிறுவனங்களின் தரப்பு நவம்பர் நடுவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தபோது, அவசரச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அரசுத் தரப்பு தெரிவித்தது. வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. உடனே நடவடிக்கை தேவை என்ற காரணத்தைச் சொல்லிப் பெற்ற சட்டம், பிறந்ததிலிருந்து காலாவதியாகும் வரை ஒரு நாள்கூட யாரையும் கட்டுப்படுத்தவில்லை. அவசரம் என்று சொல்லிவிட்டு அமலுக்கு வரும் நாளைக் குறிக்காமல் விட்டதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

இந்த இடைவெளியின் விளைவு சாதாரணமானதல்ல. ஒரு செயலைச் செய்த நாளில் அது குற்றமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வரும் சட்டத்தைக் கொண்டு முன்பு செய்ததற்குத் தண்டிக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. எனவே அந்த மாதங்களில் நடந்த ஆட்டங்களுக்கு, பிற்பாடு எவ்வளவு கடுமையான சட்டம் வந்தாலும், அந்தச் சட்டத்தின் கீழ் யாரையும் பிடிக்க வழியில்லை. முறையாக ஒரு சட்டம் அவசரச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும்போது, அதன் கடைசிப் பிரிவில் அவசரச் சட்டத்தை நீக்கி, அதன் கீழ் செய்யப்பட்டவை புதிய சட்டத்தின் கீழ் செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதைப் போல, அந்தப் பிரிவு சிக்கலின்றி வேலை செய்யும். இடையில் வெற்றிடம் விழுந்துவிட்டால் அந்தக் காலத்துக்குக் குற்றமும் கிடையாது, தண்டனையும் கிடையாது.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் கூடியிருந்தவர்கள் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று கேட்டதற்கும் இதே அச்சம்தான் காரணம். 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தபின்னும் பலர் கலையவில்லை. அதைப் பிடிவாதம் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. அந்த முறை எல்லாக் கையெழுத்துகளும் விரைவாக விழுந்தன: ஜனவரி 23 அன்றே சட்டமன்றம் முன்வடிவை நிறைவேற்றியது, மாத இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்துவிட்டது. கருவி ஒன்றுதான், ஒப்புதல் தர வேண்டியவர்கள் எடுத்துக்கொண்ட நாட்கள்தான் வேறு.

காலாவதியானால் மீண்டும் ஒன்றைப் பிறப்பித்துவிட வேண்டியதுதானே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இப்படிச் செய்து பார்த்த மாநிலம் பீகார். 1967 முதல் 1981 வரை அங்கே 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றில் 69, சட்டமன்றத்தில் முன்வடிவாக வைக்கப்படாமலேயே, திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டு உயிரோடு வைக்கப்பட்டன. கரும்பு தொடர்பான ஒன்று ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. ஆறு வாரத்துக்கென்று தரப்பட்ட அதிகாரத்தில் 14 ஆண்டு ஆட்சி! பேராசிரியர் டி.சி. வாத்வா தொடர்ந்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே குறிப்பிட்டது. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு, கிருஷ்ணகுமார் சிங் வழக்கில், மறுபடி பிறப்பிப்பது மோசடி என்பதை உறுதிசெய்ததோடு, அவசரச் சட்டத்தைச் சட்டமன்றத்தின் முன் வைப்பது கட்டாயம் என்றும், காலாவதியான அவசரச் சட்டத்தால் கிடைத்த உரிமைகள் தாமாகவே நிலைத்துவிடா என்றும் கூறியது. அதோடு, மறுபடி பிறப்பிப்பதற்கும் அதே ஆளுநரின் கையெழுத்துத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டு முன்வடிவு 2023 மார்ச் 23 அன்று சட்டமன்றத்தில் இரண்டாம் முறை நிறைவேறியது. திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி நிறைவேறிவரும் முன்வடிவுக்கு ஆளுநர் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்று 200-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எத்தனை நாளுக்குள் என்று சொல்வதில்லை. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்த செய்தி வெளியானது. அது 2023-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டமாகி, அமலுக்கு வரும் நாளை அறிவிக்கும் ஆணையுடன் ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்துக்கு ஆறு வாரக் கெடு எதுவும் இல்லை; சட்டமன்றம் நீக்கும் வரை அல்லது நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் வரை இருக்கும். நீதிமன்றச் சோதனையும் தாமதமின்றி வந்தது: 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வாய்ப்பை நம்பிய விளையாட்டுகளுக்கான தடையை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

சட்டமன்றத்துக்கு ஆறு வாரம் என்று துல்லியமாகக் கெடு வைத்த அரசியலமைப்பு, ஒப்புதல் தருபவருக்குக் கெடு வைக்காததுதான் இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஆளுநர்களுக்குக் கால வரம்பு வகுத்தது; அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவரின் வினாக்களுக்கு விடையளித்த அரசியல் சாசன அமர்வு, அப்படி வரம்பு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது, காரணமின்றி நீண்ட காலம் செயலற்றிருந்தால் மட்டும் வரையறுக்கப்பட்ட அளவில் தலையிடலாம் என்றது. ஆகவே அடுத்த அவசரச் சட்டம் வரும்போதும் நிலைமை இதுதான். அரசிதழில் அதன் முதற்பிரிவை எடுத்து அமலுக்கு வரும் நாள் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்றம் அடுத்துக் கூடும் தேதியிலிருந்து 42 நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். முன்வடிவு நிறைவேறியது என்ற செய்தியோடு நிற்காமல், ஒப்புதல் வந்ததா என்பதையும் அந்த 42 நாட்களுக்குள் தேடிப் பாருங்கள்.