HI கணக்குல குவாண்டம் ஈல்டு 2 வர்றது தப்பில்ல

"ஒரு போட்டானுக்கு ஒரு மாலிக்யூல்தான் உடையும், அதனால குவாண்டம் ஈல்டு 1-ஐ தாண்டாது. HI-க்கு 2-னு போட்டது பிரிண்ட் மிஸ்டேக்."

இல்லங்க, 2 சரிதான். போட்டான் உடைக்கிறது ஒரு HI-யத்தான், ஆனா அதுல வர்ற H சும்மா இருக்காது, இன்னொரு HI-ய போய் அடிச்சு H₂ ஆயிடும், மிச்சம் ரெண்டு I சேர்ந்து I₂, ஆக ஒரு போட்டானுக்கு ரெண்டு HI காலி. நீங்க சொல்ற 1 லிமிட் முதல் ஸ்டெப்புக்கு மட்டும்தான்.

கணக்கா பாருங்க. 254 nm-ல ஒரு மோல் போட்டானோட எனர்ஜி சுமார் 471 kJ. கேஸ் 471 J உறிஞ்சிருந்தா போட்டான் 0.001 மோல், போன HI 0.002 மோல், வந்த H₂ 0.001 மோல். H₂-வ வச்சு பாத்தா ஈல்டு 1, HI-ய வச்சு பாத்தா 2, எதுக்குனு சொல்லாம நம்பர் மட்டும் போட்டா சண்டைதான் வரும்.

மேல ஒருத்தர் தன் லேப்ல 1 வந்துச்சுனு போட்டிருக்காரு. தம்பி, லேம்ப் குடுத்த மொத்த எனர்ஜியால வகுத்தீங்களா? 942 J விழுந்து பாதி செல்லைத் தாண்டி வெளிய போயிருந்தா அப்படித்தான் 1 வரும். காலி செல், கேஸ் உள்ள செல் ரெண்டுக்கும் பின்னாடி வெளிச்சத்த அளந்து கழிச்சுப் பாருங்க.

H₂-Cl₂ உதாரணம் போட்டவரு பாதி சரி, ஈல்டு 1-ஐ தாண்டும், ஆனா அது செயின், லட்சக்கணக்குல போகும். HI-ல செயின் ஓடல.

இன்னொருத்தருக்கு வந்த 1.8 ஏன்னு உறுதியா சொல்ல முடியல. I₂ சேர்ந்துட்டா H அதோட மோதி திரும்ப HI ஆகும், ஈல்டு குறையும். எவ்வளவு நேரம் லைட் போட்டீங்க?